வேலை பொய்விட்டது

சாப்பாட்டு மேசையைச் சுற்றி மூன்று பேர். ஜன்னல் ஓரம் அண்ணன், எதிரே அவர் மனைவி, சுவரை ஒட்டி முக்காலியில் காலைத் தூக்கி வைத்தபடி அம்மா. நடுவில் தம்பியின் கடிதம் பிரித்தபடி கிடந்தது.

பதினோரு வருஷம் உழைத்த கம்பெனியில் ஆட்குறைப்பாம். வாசலிலேயே அடையாள அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்களாம். 'உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன். திட்டாதே அண்ணா' என்று முடித்திருந்தான். போன் போட்டால் அணைத்து வைத்திருக்கிறான்.

அண்ணன் அச்சகத்தில் பிழை திருத்துபவர். கடிதம் வந்தபோது கையில் சிவப்புப் பேனா இருந்தது. படித்து முடித்த பிறகுதான் பார்த்தார்: 'வேலை பொய்விட்டது' என்ற வரியில் 'பொ'வைச் சுற்றி ஒரு வட்டம். போட்டது அவர் கைதான். தம்பியின் துக்கம் மனதில் ஏறுவதற்கு முன்பே பிழை கண்ணில் பட்டுவிட்டது.

தம்பி விடுதியில் படித்தபோது எழுதிய கடிதங்களை இப்படித்தான் திருத்தித் திருப்பி அனுப்புவார். நாலாவது கடிதத்தோடு அவன் எழுதுவதையே விட்டுவிட்டான். பதினெட்டு வருஷம் கழித்து வந்தது இது.

அந்த வட்டத்தை மனைவியும் பார்த்தாள். அதுதான் அவருக்குச் சுருக்கென்றது.

பதில் எழுத உட்கார்ந்தார். சிக்கனமாக இருக்கச் சொல்லி எழுது என்றாள் அம்மா. தன் மாமா கடையில் இடம் இருப்பதைச் சொல்லலாமே என்றாள் மனைவி. எல்லாவற்றையும் வரிசையாக எழுதிப் படித்துக் காட்டினார்.

"இதென்ன, சுற்றறிக்கையா?" என்றாள் மனைவி. "நோட்டீஸ் போர்டுல ஒட்டலாம்."

'வேண்டும்' என்று முடிந்த வரிகளை அடித்தார். 'அப்போதே சொன்னேன்' போயிற்று. 'ஆனால்' எல்லாம் போயிற்று. மிஞ்சியது தேதியும் 'அன்புள்ள தம்பிக்கு'வும்தான்.

அம்மா அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள். "அவன் தப்பு இல்லன்னு எழுதினியாடா?"

எழுதவில்லை. அத்தனை வரிகளில் அது ஒன்றுதான் இல்லை. புதுத்தாள் எடுத்தார்.

'உன் கடிதம் கிடைத்தது. இதில் உன் தப்பு எதுவும் இல்லை. உன் எழுத்தில் ஓரிடத்தில் சிவப்பு மை போட்டுவிட்டேன், பாழாய்ப்போன பழக்கம். மன்னித்துக்கொள். ஞாயிறு காலை பத்து மணிக்குப் போன் செய்வேன். எடுக்க மனமில்லை என்றால் விட்டுவிடு, அடுத்த ஞாயிறும் செய்வேன். வேலையைப் பற்றி நீயாகப் பேசும்வரை நான் கேட்கமாட்டேன். அனுபவச் சான்றிதழ் வாங்க கம்பெனிக்குத் தனியாகப் போகக் கஷ்டமாக இருந்தால் சொல், வருகிறேன். உள்ளே வரமாட்டேன். வாசலில் நிற்கிறேன்.'

கையெழுத்துப் போட்டு மடித்து உறையில் வைத்தார்.

"ஒரு தடவை படிச்சுப் பாக்கலையா?" என்றாள் மனைவி.

"படிச்சா திருத்த ஆரம்பிச்சிடுவேன்."

உறையின் வாயில் பசை தடவி, உள்ளங்கையால் அழுத்தி ஒட்டினார். தபால்தலையை அம்மா நீட்டினாள். தெருமுனைப் பெட்டிவரை நடந்துபோய்க் கடிதத்தை உள்ளே போட்டார்.