திரும்பிப் போன கரம் போர்டு

உடப்புசல்லாவையில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் வினோதா, கத்தாரிலிருந்து விடுமுறையில் வரும் றுமைஸாவுக்காகக் கண்டிக் கடையொன்றில் இணையம் வழியாகக் கரம் போர்டு வாங்கினாள். பயிற்சிக் கல்லூரி நாட்களில் விடுதியில் இருவரும் ஒரே அறை. கரண்ட் போன இரவுகளில் மெழுகுவர்த்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கரம் ஆடுவார்கள். பவுடர் தீர்ந்தால் முகத்துக்குப் பூசுவதைத் தூவுவார்கள். காலையில் விடுதி முழுக்க மல்லிகை மணக்கும்.

கட்டணம் செலுத்திய மறுநாளே றுமைஸா அழைத்தாள். "லீவு தரலடி வினோ. இந்த வருஷம் இல்ல."

போர்டு வேண்டாமென்று சொல்ல வினோதா கடைக்குப் போன் செய்தாள். கடைக்காரர் ஸஃப்வான் பொறுமையாகக் கேட்டார்.

"காலையில சொல்லியிருந்தீங்கன்னா சும்மா நிப்பாட்டியிருப்பேன் மிஸ். இப்ப லொறி ஏறிடுச்சு. மத்த பார்சல்களோட சேத்துக் கட்டிட்டாங்க, வழியில தேடி எறக்க முடியாது. உங்க ஊரு கூரியர் கிளைக்கு வந்துதான் திரும்பணும். போற கூலி, வர்ற கூலி ரெண்டையும் எங்ககிட்ட எடுப்பாங்க. அதக் கழிச்சுட்டுத்தான் மிச்சத்தத் தர முடியும்."

"எப்ப திரும்பி வரும்?"

"புதுசா குடுக்க வேண்டியதுக்குத்தான் அங்க அவசரம். திரும்புற சாமான் நெறைய சேர்ந்த பொறகுதான் அனுப்புவாங்க. இங்க வந்து, உடையலன்னு பாத்துட்டுத்தான் காசு போடுவோம்."

நியாயமாகவே பட்டது. "சரிங்க" என்றாள்.

அதன் பிறகு தினமும் மாலையில் பார்சல் எங்கே இருக்கிறதென்று போனில் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. பணத்துக்காக அல்ல. 'கிளையில்' என்ற அந்தச் சொல்லைப் பார்த்ததும், சிவப்புக் காயைத் தவறவிட்டால் நகத்தைக் கடிக்கும் றுமைஸா நினைவுக்கு வருவாள்.

மூன்றாம் வாரம் றுமைஸா மறுபடி அழைத்தாள். அங்கே கூட வேலை செய்யும் ஒருத்தி தன் விடுமுறையை விட்டுக்கொடுத்திருந்தாள். சனிக்கிழமை ரயிலில் நானுஓயா வருகிறாள்.

வினோதா உடனே போனில் தேடினாள். பார்சல் கிளையை விட்டுக் கிளம்பி நுவரெலியாவரை போயிருந்தது. மறுபடி கடைக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, அத மறிக்க முடியுமாங்க?"

ஸஃப்வான் சிரித்தார். "கண்டி லொறியில ஏத்தலன்னா முடியும். ரிட்டர்ன நான் ரத்துப் பண்ணணும், அவங்களா குடுக்க மாட்டாங்க. இருங்க, கேட்டுச் சொல்றேன்." சற்று நேரத்தில் அவரே அழைத்தார். "நுவரெலியாவுலயே வச்சிருக்கச் சொல்லிட்டேன். அடையாள அட்டையோட போய் எடுங்க. கண்டிவரைக்கும் வரலதானே, கூலியும் கொஞ்சந்தான் பிடிப்பாங்க. அத மட்டும் எனக்குப் போட்டுவிடுங்க."

சனிக்கிழமை நானுஓயாவில் இறங்கிய றுமைஸாவை வேனில் ஏற்றி, நேரே நுவரெலியா கூரியர் நிலையத்துக்கு அழைத்துப்போனாள் வினோதா. இரண்டு முறை பயணம் செய்த அட்டைப்பெட்டியின் மூலைகள் நசுங்கியிருந்தன. உள்ளே பலகைக்கு ஒன்றும் ஆகவில்லை.

உடப்புசல்லாவை பஸ்ஸில் பெட்டியை இருவர் மடியிலும் குறுக்காக வைத்துக்கொண்டார்கள்.

"இதுக்கா இவ்வளவு பாடு?" என்றாள் றுமைஸா.

"ஆமா" என்று சொல்லிவிட்டு வினோதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. றுமைஸா அவள் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.