இடப்பக்கத்து மூன்று கற்கள்

ஏழு வருஷம் கழித்துப் பினாங்கிலிருந்து திரும்பிய என் வீட்டுக்காரர் கொண்டுவந்தது ஒரு தகரப் பெட்டி, மூன்று சட்டை, ஒரு விளையாட்டு. பேச்சை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தார். உலகச் சண்டை முடிந்து உயிரோடு வந்தாரே என்று நான் திருச்செங்கோட்டு மலையேறி விளக்குப் போட்டு வந்தேன். அவரோ, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டு விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தார்.

ஒருநாள் மத்தியானம் கிணற்று மேட்டு வேப்பமரத்தடியில் சாக்கை விரித்து, கரித்துண்டால் குறுக்கும் நெடுக்குமாகப் பதினைந்து பதினைந்து கோடு போட்டார். அங்கே அவர் வேலை பார்த்த துணிக்கடையின் முதலாளி, ஒரு சீனக் கிழவர், மழை நாளில் சொல்லிக் கொடுத்த ஆட்டமாம். எனக்குப் புளியங்கொட்டை, அவருக்கு வெள்ளைக் கல். கோடுகள் வெட்டுகிற இடத்தில் ஆளுக்கு ஒன்றாக மாற்றி மாற்றி வைக்க வேண்டும். நேராகவோ குறுக்காகவோ சாய்வாகவோ யாருக்கு முதலில் ஐந்து சேர்கிறதோ அவருக்கு வெற்றி.

"இவ்வளவுதானுங்களா?" என்றேன்.

"இவ்வளவுதான்" என்றார். அன்று நாலு ஆட்டமும் தோற்றேன்.

பாத்தி பாத்தியாகக் களை வெட்டிய கண் எனக்கு. நேர்கோடு தெரியும், குறுக்குக்கோடு தெரியும். சாய்கோடு மட்டும் அவர் ஐந்தாவது கல்லை வைத்த பிறகுதான் தெரியும். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்க்கவே மறுநாளும் சாக்கை நானே விரித்தேன். ஆட்டம் நடக்கும்போது மட்டும்தான் அவர் வாய் திறந்தார்.

"ரெண்டு பக்கமும் காலியா மூணு கல்லு நின்னா உடனே ஒரு பக்கம் அடைச்சுப்போடு, பாவாயி. உட்டா நாலாயிரும். ரெண்டு முனையும் தொறந்த நாலை ஆராலயும் நிறுத்த முடியாது. ஒரு முனையை அடைச்சா அடுத்ததுல அஞ்சாயிரும்."

"ஒரு முனை அடைச்ச நாலுன்னா?"

"அதுக்கு ஒரே ஓட்டைதான், அடைச்சுக்கலாம். ஆனா ஒரே கல்லுல அந்த நாலும் ஆகி, இன்னொரு பக்கம் தொறந்த மூணும் ஆச்சுன்னு வெய்யி. அவன் நாலை அடைக்கறதா, மூணை அடைக்கறதா? கை ஒண்ணுதானே இருக்குது!"

அந்த ஒற்றைக் கல்லுக்காக நான் இரண்டு மாசம் ஏங்கினேன். பருத்திக் காட்டின் மூலையில் நின்று, செடிகள் சாய்வாக எப்படி வரிசை கட்டுகின்றன என்று பார்த்துப் பழகினேன். இருந்தும் எழுபது ஆட்டத்தில் ஒன்றுகூட ஜெயிக்கவில்லை.

அப்போதுதான் பினாங்கிலிருந்து கடிதம் வந்தது. கடையை மறுபடி திறந்தாயிற்று, வந்துவிடு என்று முதலாளி எழுதியிருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் பதில் போட வேண்டும் என்றார் இவர். போகிறேன் என்றும் சொல்லவில்லை, போகவில்லை என்றும் சொல்லவில்லை. பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்தார். அதைப் பார்த்துவிட்டு அவர் எதிரே போய் நின்றேன்.

"ஏனுங்க, ஒரு பந்தயம். வெள்ளிக்கெழமைக்குள்ள நான் ஒரு ஆட்டம் ஜெயிச்சா நீங்க போகக் கூடாது."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "செரி" என்றார்.

திங்கள், செவ்வாய், புதன் தோற்றேன். வியாழக்கிழமை மத்தியானம் எருதுகளை நிழலில் கட்டிவிட்டு உட்கார்ந்தோம். நடுவில் சாய்வாக இரண்டு கொட்டை வைத்தேன். அவர் பக்கத்தில் எங்கோ வைத்தார். பிறகு, அவருக்கு இடப்பக்கமாக, ஒரு நேர்கோட்டில் ஒன்று, இரண்டு, மூன்று என்று வைத்தேன். இரண்டு முனையும் திறந்த மூன்று. அடைக்காமல் விடுகிற ஆளா இவர்? வலது கோடியில் ஒரு கல்லை வைத்துவிட்டு, "உம், வெய்யி" என்றார். அங்கே அவருக்கு இரண்டு கல்தான் சேர்ந்திருந்தது.

நாலாவதை வைத்தால் போதும், ஜெயித்தேன். விட்டுக்கொடுக்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. புருவத்தைச் சுருக்கி, தன்னுடைய இரண்டு கல்லையே யோசித்துக்கொண்டிருந்தார். என் மூன்றை அவர் பார்க்கவே இல்லை.

கையில் கொட்டையோடு அப்படியே இருந்தேன். இலைக்கு இடப்பக்கம் வைத்த செம்பை அவர் தட்டிவிடுவது ஞாபகம் வந்தது. நிலைக்கதவில் எப்போதும் இடது தோள்தான் இடிக்கும். போன வாரம் தண்ணீர் இறைக்க எருது ஓட்டுகிறேன் என்று கிளம்பி, கிணற்று ஓரத்தில் கால் தவறி, நல்லவேளையாகக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். அன்று ராத்திரி சாப்பிடவில்லை. அடுத்த நாள்தான் பெட்டியைத் துடைத்தார். எழுபது ஆட்டம் எதிரே உட்கார்ந்தும் எனக்கு இது உறைக்கவில்லையே! என்னை நானே திட்டிக்கொண்டேன்.

கொட்டையைத் தரையில் வைத்தேன். கல் நகராமல் சாக்கை மெதுவாக அரைவட்டம் திருப்பினேன். இடப்பக்கம் இருந்த மூன்றும் அவர் வலப்பக்கம் வந்தன.

அவர் திடுக்கிட்டார். "இதை எப்ப வெச்சே?"

"நீங்க பாக்கறப்பவே வெச்சேனுங்க."

நான் அவருடைய கடைசிக் கல்லை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தேன். "தெரியாத பக்கம் அடிச்சு எனக்கு ஜெயிக்க வேண்டாம். தலையைத் திருப்பி முழுசாப் பாருங்க. பாத்துட்டு வெய்யுங்க."

அவர் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு என் மூன்றுக்கு வெளிமுனையில், வலது ஓரமாக, கல்லை வைத்தார்.

என் கண் தானாக உள்முனைக்குப் போனது. அங்கே ஒரு கொட்டை வைத்தால் நேர்கோட்டில் நாலு. அதே கொட்டை நடுவிலிருந்த சாய்ந்த இரண்டோடு சேர்ந்து மூன்று, இரண்டு முனையும் காலி. வைத்தேன்.

அவர் நாலை அடைத்தார். அடைத்துத்தான் ஆக வேண்டும். நான் சாய்வில் நாலாவதை வைத்தேன். மேலும் காலி, கீழும் காலி. அவர் கல்லை மேல்முனைக்குக் கொண்டுபோனார், கீழ்முனைக்குக் கொண்டுவந்தார், பிறகு சாக்குக்கு வெளியே வைத்துவிட்டார்.

"சண்டையப்ப கடையில சொவரு இடிஞ்சு தலையில உழுந்துது, பாவாயி" என்றார். "அதுலருந்து எதைப் பாத்தாலும் இடப்பக்கம் பாதி இருக்கறதில்லை. எருது ஓட்ட முடியாதவன் காட்டுல என்ன பண்றது? அங்க போனா ஒக்காந்தாவது துணி கிழிச்சுக் குடுக்கலாம்னு..."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "எருது ஓட்ட எனக்குக் கை இல்லீங்களா? ஏழு வருசம் ஆரு ஓட்டுனாங்களாம்? ஊட்டுக்காரர் வேணும்னுதானே கும்புட்டேன், பண்ணையாளா கேட்டேன்?"

அவர் தலை குனிந்து கல்லையெல்லாம் பொறுக்கினார். எனக்கு அப்போதுதான் ஒன்று தோன்றியது. உள்முனையில் அடைத்திருந்தால் என் நாலும் மூன்றும் ஒரே கொட்டையில் சேர்ந்திருக்காது, பந்தயத்தில் நான் ஜெயித்திருக்கவும் மாட்டேன். எனக்கே தெரிந்தது அவருக்கா தெரியாது?

"ஏனுங்க, உள்பக்கம் அடைச்சிருக்கலாமே. தெரியிலீங்களா?"

"முழுசாப் பாக்கச் சொன்னியே" என்றார். "பாத்துட்டுத்தான் வெச்சேன்."

அடுத்த ஆட்டத்துக்கு நான் எதிரே உட்காரவில்லை. எழுந்து போய் அவருக்கு இடப்பக்கம், தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தேன். அந்த ஆட்டம் நான் தோற்றேன். நன்றாகத் திட்டினேன்.