ஆறாம் பத்திக்கு ஒரு காட்சி

ரப்பர் பால்வெட்டு சொல்லிக்கொடுப்பது என் தொழில். அதைப் பற்றி ப்ளாக் எழுதுவது என் கெட்ட பழக்கம். ஊருக்கெல்லாம் நான் வாத்திச்சி, வீட்டில் மட்டும் படிக்க ஆளில்லை. ஏழு வருடம் வளர்த்த நாற்பது மரம் முதல் வெட்டுக்குத் தயாராக நிற்கிறது. வெட்டப்போகும் என் வீட்டுக்காரர் ஜெயதாஸ் துபாயில் ஏசி மெக்கானிக்காக இருந்தவர். பெண்டாட்டியிடம் கத்தி பிடிக்கப் படிப்பது அவருக்குக் குறைச்சல். வீடியோ என்றால் பார்ப்பார். அதனால்தான் ‘புதுமரத்தில் முதல் வெட்டு’ என்ற என் கட்டுரையைத் தூக்கிக்கொண்டு அமரவிளையில் ஸ்டூடியோ நடத்தும் அனகாவிடம் போனேன்.

கட்டுரை பதினான்கு பத்தி. வீடியோ மூன்று நிமிடம். அனகா ஒரு தாளின் நடுவில் கோடு கிழித்தாள். இடது பக்கம் காண்பது, வலது பக்கம் கேட்பது.

"எல்லாத்தையும் காட்டினா ஒண்ணும் நிக்காது சேச்சி. கை செய்யது காட்சி. காரணம் சொல்லுதது குரல்."

மரத்தின் சுற்றளவை அளப்பது, தகடு வைத்துக் கோடு போடுவது, கத்தி சரிவாக இறங்குவது, பால் வடியச் சிரட்டை கட்டுவது எல்லாம் இடது பக்கம் போயின. ரப்பர் இந்த நாட்டுக்கு வந்த கதையை, முழுதாக இரண்டு பத்தியை, எங்குமே சேர்க்காமல் அடித்தாள். அதற்காக நான் மூன்று நாள் அலைந்தவள். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

ஆறாம் பத்தியில் அவள் பேனா நின்றது. அது ஆழம் பற்றியது. பட்டையை முழுக்க வெட்டக்கூடாது. தடியை, அதாவது உள்ளே இருக்கும் மரத்தை, தொடாமல் ஒரு மில்லிமீட்டர் பட்டை மிச்சம் நிற்கவேண்டும். தாண்டினால் மரத்துக்குக் காயம். அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பிறகு ஒழுங்காக வெட்ட முடியாது.

"ஒரு மில்லிமீட்டர எப்பிடி காட்டயது? பக்கவாட்டுல படம் வரையலாம். அதுக்கு இருபது வினாடி வேணும். அப்போ ஒங்க முதல் பத்தி போவும்."

முதல் பத்தி அம்பூரி மலையில் பனி இறங்குவது. அதை வாசித்து ஒரு வாசகர் கண் கலங்கியதாக எழுதியிருந்தார்.

"பனி இருக்கட்டும் மக்கா. ஆழத்தைக் குரல்ல சொல்லிருவோம்" என்றேன்.

அப்படியே ஆயிற்று. இடது பக்கம் பனி, வலது பக்கம் ஒரு மில்லிமீட்டர்.

குரல் சொல்வதைத் திரையில் எழுத்தாகக் கடைசியில்தான் சேர்ப்பாள். அதற்கு முன், வேலை தெரியாத ஒருத்தருக்குப் புரிகிறதா என்று பார்க்கச் சொல்லி அனகா வீடியோவை அனுப்பினாள். தெரியாதவர் எங்கள் வீட்டிலேயே இருக்கிறாரே. அவருக்கு அனுப்பிவிட்டு மறுநாள் விடியற்காலையில் குன்னத்துகாலுக்கு வகுப்பெடுக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது ஜெயதாஸ் முற்றத்தில் முகம் மலர நின்றார்.

"பதினொண்ணு வெட்டியாச்சு. நாளைக்கு மிச்சம்."

போய்ப் பார்த்தேன். கோடு அம்சமாக இருந்தது. சரிவு சரி, சிரட்டை சரி. பதினொரு மரத்திலும் வெள்ளையாகத் தடி தெரிந்தது.

"ஆழம் சொல்லியிருக்கே, கேக்கல்லியா?"

"எங்க சொன்ன? மலையும் பனியும் வந்துச்சு. நல்லா இருந்துச்சு."

அவர் கையில் இருந்தது என் பழைய போன். போன வருடம் ரப்பர் பால் வாளிக்குள் விழுந்து, ஸ்பீக்கர் ஓட்டையில் பால் உறைந்து அடைத்துப்போன போன். பேசுவதென்றால் ஹெட்செட் மாட்டுவார், படம் பார்ப்பதற்கு மாட்டமாட்டார். அதை அவர் தலையில் கட்டியவளும் நான்தான். ஆத்திரமாக வந்தது. யாரைத் திட்டுவது? உட்கார்ந்து அழுதேன். அவர் ஒன்றும் புரியாமல் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு மருந்தைக் குழைத்துப் பதினொரு காயத்திலும் பூசப் புறப்பட்டோம்.

பூசுவதற்கு முன் அனகாவைக் கூப்பிட்டேன். வந்தவள் மரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கேமராவை எடுத்தாள்.

"தப்ப காட்டலாம் சேச்சி. இது நல்லா தெரியும்."

ஜெயதாஸ் காயத்தின் ஓரத்தில் பெருவிரலை வைத்தார்.

"எனக்க வெரலையும் சேத்து எடு. அளவு தெரியாண்டாமா?"

பனியை நானே அடித்தேன். அந்த இடத்தில், இடது பக்கம், ‘காயம்பட்ட மரம், விரல், இருபது வினாடி’ என்று எழுதினேன். அனகா எழுத்தையும் சேர்த்து அனுப்பினாள்.

ஜெயதாஸ் அதே போனில், சத்தமில்லாமல், தன் பெருவிரல் வந்து போகும் வரைக்கும் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். பிறகு கத்தியை எடுத்து, பிடி என் பக்கம் இருக்கும்படி நீட்டினார்.

"இருபத்தொம்பது மரம் மிச்சம் உண்டு. கையப் புடிச்சி காட்டித் தா."