படத்தில் இல்லாத கறுப்பு டேப்

காலை எட்டு மணிக்கே பகவதிப்பெருமாள் போன் செய்தார். லிபி அப்போது கரமனையில் தன் வாடகை அறையில், ஒரு தண்ணீர் பம்பின் படத்திலிருந்து கீறல்களை நீக்கிக்கொண்டிருந்தாள். இயந்திரக் கேட்லாக்குக்குப் படம் எடுப்பதும், எடுத்த படத்தைக் கணினியில் துடைத்துப் பளபளப்பாக்குவதும்தான் அவள் பிழைப்பு. பதினோரு வருடமாகத் துடைக்கிறாள். உலகத்தில் அழுக்கு குறைந்தபாடில்லை.

"மக்களே, அந்த மாவு பிசையுற மெஷின் படம் இருக்குல்லா, அதோட பெரிய ஃபைலை எடுத்துக்கிட்டு பதினோரு மணிக்கு கம்பெனிக்கு வரணும். ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வாறாங்க."

"என்னத்துக்கு அண்ணாச்சி?"

"ஒரு ஆக்சிடென்ட். தம்பானூர்ல ஒரு பேக்கரி. பணிக்காரன் வலது கையை உள்ள விட்டுட்டான். ரெண்டு விரல் போச்சு."

பகவதிப்பெருமாள் நாகர்கோவில்காரர், அந்த மெஷினைச் செய்யும் கம்பெனியின் விற்பனை மேனேஜர். லிபிக்கு முதல் வேலை தந்தவர். மார்த்தாண்டத்திலிருந்து ஒரு பழைய கேமராவோடு எல்லை தாண்டி வந்து நின்றவளை "நம்ம ஊருப் பிள்ளை" என்று முதலாளி முன்னால் நிறுத்தியவர். கெட்டவர் என்று சொல்ல அவளால் முடியாது. கம்பெனிக்கு ஒன்றென்றால் மட்டும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் தயங்க மாட்டார்.

அவர் விவரத்தைச் சொன்னார். மெஷினின் சட்டிக்கு மேலே ஒரு கம்பிக்கூண்டு உண்டு. கூண்டைத் தூக்கினால் மெஷின் தானாக நிற்க வேண்டும். கூண்டில் ஒரு சின்னக் காந்தமும் அதற்கு நேரே மெஷினின் உடம்பில் ஒரு சுவிட்சும் இருக்கின்றன. காந்தம் விலகினால் மோட்டாருக்குக் கரண்ட் போகாது. ஆனால் பேக்கரியில் அந்தச் சுவிட்சின் மேலேயே வேறொரு காந்தத்தை வைத்து டேப் ஒட்டியிருந்தது. கூண்டு எங்கே இருந்தாலும் மூடியிருப்பதாகவே மெஷின் நினைத்துக்கொண்டிருந்தது.

"பணிக்காரனுவ ஒட்டுறதுதான். கூண்டைத் தொறந்து வச்சே ஓட்டலாம்லா. ஆனா விரல் போன அந்த இசக்கிப்பாண்டி நான் ஒட்டலங்கான். நம்ம மெஷின் சுத்தமாத்தான் போச்சுன்னு காட்டணும். நீ படம் எடுத்த அன்னைக்கே அது லாரியில ஏறிச்சு. உன் படத்துல சுவிட்ச் நல்லாத் தெரியுது, டேப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது போதும். பேக்கரியில எடுத்த போட்டோவையும் அனுப்புறேன், பாரு."

போட்டோ வந்தது. மாவு காய்ந்த ஒரு மூலை. சுவிட்சின் மேலே டேப். கறுப்பு, மினுக்கம் இல்லாத துணி டேப். ஒரு ஓரம் கோணலாகக் கிழிந்து, நுனியில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தது.

லிபி திரும்பித் தன் கேமராப் பையைப் பார்த்தாள். பக்கவாட்டு வாரில் அந்த டேப்பின் உருளை தொங்கிக்கொண்டிருந்தது.

மூன்று வாரத்துக்கு முந்தைய அந்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. எஃகைப் படம் எடுப்பது கண்ணாடியைப் படம் எடுப்பது மாதிரி. எதிரில் நிற்பதையெல்லாம் அது காட்டிக்கொடுக்கும். அதனால் இரண்டு பக்கமும் வெள்ளைத் துணி கட்டி விளக்கை அதன் வழியாகப் பாய்ச்சினாள். மெஷினின் விளிம்பு வெள்ளையில் கரைந்து போகாமலிருக்க ஓரங்களில் கறுப்பு அட்டை நிறுத்தினாள். மெஷினின் உடம்பில் ஓடும் மெல்லிய கோடுகளின் போக்கிலேயே துணியால் துடைத்தாள். குறுக்கே துடைத்தால் தடம் விழும். தரையின் பச்சைப் பெயின்ட்டையும் மஞ்சள் கோட்டையும் இரண்டு தடவை கழுவ வைத்தாள். எல்லாம் முறைப்படிதான் நடந்தது.

கூண்டை மூடினால் அதன் நிழல் பளபளக்கும் சட்டிக்குள் வரிவரியாக விழுந்தது. தூக்கினால் பேனலில் பச்சை விளக்கு அணைந்து சிவப்பு மின்னியது. கேட்லாக்கில் சிவப்பு விளக்கு எரிந்தால் யார் வாங்குவார்கள்? மூடி ஒரு படம், தூக்கி ஒரு படம் எடுத்து, விளக்கை மட்டும் கணினியில் ஒட்டியிருக்கலாம். இன்னொரு பத்து நிமிட வேலை. லாரிக்காரன் வெளியே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.

"அஜீஷே, கூண்டு மேல இருக்கும்போதே பச்சை எரியணும். ஏதாவது வழி இருக்கா?" என்று அவள்தான் கேட்டாள்.

எலக்ட்ரீஷியன் அஜீஷ் சிரித்தபடி ஒரு காந்தத்தைக் கொண்டுவந்து சுவிட்சில் வைத்தான். சிவப்பு டேப்பை எடுத்தான். அது மினுங்கிச் சட்டியில் பிரதிபலிக்கும் என்று அவனைத் தடுத்து, தன் கறுப்பு டேப்பைக் கிழித்துக் கொடுத்ததும் அவள்தான். படம் நன்றாக வந்தது. அன்று மாலையே அந்தக் கறுப்புத் துண்டைப் படத்திலிருந்து அழித்துவிட்டாள். நாலு நிமிடம் ஆனது.

படத்தில் அழித்தாள். மெஷினில் யாரும் அழிக்கவில்லை. கூண்டை இறக்கிவிட்டால் அந்த இடம் வெளியே தெரியாது. விளக்கும் பச்சையாகவே இருந்திருக்கும்.

கணினியில் மூலப்படத்தைத் திறந்து சுவிட்சைப் பெரிதாக்கினாள். அதே கோணல் கிழிசல், அதே நூல். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பயம் வரும், அழுகையாவது வரும் என்று சற்று நேரம் உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. பல் பிடுங்கப் போட்ட ஊசிக்குப் பிறகு கன்னத்தைத் தொடுவது போலிருந்தது. எழுந்து, தண்ணீர் குடித்து, பஸ் பிடித்தாள்.

கம்பெனிக் கூடத்தில் அதே மாடலில் வேறொரு மெஷின் நின்றது. தரை கழுவியிருந்தது. இன்ஸ்பெக்டருக்காகக் கழுவியதாக இருக்கும். அஜீஷ் பேனலைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். ஏற்கெனவே சுத்தமாக இருந்த பேனலை.

"சேச்சி," என்றான் மெதுவாக. "நான் எடுத்துட்டேன்னுதான் நினைச்சேன். சத்தியமா. லாரிக்காரன் ஹாரன் அடிச்சுக் கெடந்து விளிச்சானா, கூண்டை இறக்கிட்டு ஓடிட்டேன்."

"பின்ன ஒரு தடவை தூக்கிப் பார்க்கலியா?"

"டெஸ்ட் காலையிலேயே கழிஞ்சுதே சேச்சி. பேப்பர்ல ஒப்பும் போட்டாச்சு." அவன் கண் கலங்கியது. "வீட்டுல சின்னக் குழந்தை இருக்கு."

அவனுக்கு அழ முடிகிறது என்று லிபிக்குப் பொறாமையாக இருந்தது. அதை நினைத்து வெட்கம் வர வேண்டும், அதுவும் வரவில்லை.

இன்ஸ்பெக்டர் ஷிஜா பாறசாலைக்காரி. தமிழும் மலையாளமும் ஒரே மூச்சில் வரும். மேசையில் கோப்பை விரித்து, கேட்லாக் படத்தை அதன் பக்கத்தில் வைத்தாள். மெஷின் அதில் கோயில் விளக்கு மாதிரி மின்னியது. கீழே பெரிய எழுத்தில், கூண்டைத் தூக்கினால் இயந்திரம் உடனே நிற்கும் என்று அச்சடித்திருந்தது.

"பாருங்க மேடம்," என்றார் பகவதிப்பெருமாள். "லாரியில ஏத்துறதுக்கு முன்ன எடுத்த படம். சுவிட்ச் சுத்தமாட்டு இருக்கு. எடுத்த பிள்ளையும் வந்திருக்கு. தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரும்."

ஷிஜா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேனாவின் பின்முனையால் ஓரிடத்தைத் தொட்டாள்.

"கூண்டு மேலதானே இருக்கு?"

"ஆமா மேடம்."

"அப்போ பச்சை லைட் எப்படி எரியுது?"

அந்தக் கேட்லாக் ஆயிரம் பேர் கைக்குப் போயிருக்கும். முதலாளி பார்த்தார், மேனேஜர் பார்த்தார், அச்சகத்தில் பார்த்தார்கள். சட்டியின் பளபளப்பைப் பார்த்தார்களே தவிர, விளக்கை ஒருத்தரும் பார்க்கவில்லை.

பகவதிப்பெருமாள் இந்த ஊரில் முப்பது வருடம் வியாபாரம் செய்தவர். ஒரு கணம்தான் தடுமாறினார்.

"அது கம்ப்யூட்டர்ல ஒட்டுனது மேடம். படத்துக்காக. அப்படித்தானே மக்களே?"

எல்லோரும் லிபியைப் பார்த்தார்கள். ஆமாம் என்ற ஒரு சொல் போதும். இந்தத் தொழிலில் எல்லோரும் ஒட்டுகிறார்கள். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அஜீஷ் பிழைப்பான், அவளுக்கு வேலை வந்துகொண்டிருக்கும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று ஊரில் சொல்வது சும்மா இல்லை.

"ஒட்டல," என்றாள் லிபி. "உண்மையாட்டே எரிஞ்சுது."

மடிக்கணினியைத் திறந்து ஷிஜாவின் பக்கம் திருப்பினாள். முதலில் துடைத்த படம். பிறகு, கணினியில் தான் துடைத்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் பழையபடி ஆக்கினாள். தரையில் ஈரத்தடம் திரும்பி வந்தது. மெஷினின் உடம்பில் ஒரு கைரேகை வந்தது. கடைசியாகச் சுவிட்சின் மேலே கறுப்பு டேப் வந்து உட்கார்ந்தது.

பகவதிப்பெருமாள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"சட்டியைப் பாருங்க," என்றாள் லிபி. சட்டியின் பளபளப்பில் வளைந்து நெளிந்து இரண்டு உருவங்கள் தெரிந்தன. ஒன்று அஜீஷ். மற்றது கையை நீட்டிப் பேனலைக் காட்டிக்கொண்டிருந்தது.

"இது யாரு?"

"நான். லைட் எரியணும்னு சொன்னது நான்தான். டேப்பும் என்னோடது." பையிலிருந்து உருளையை எடுத்து மேசையில் வைத்தாள். "பேக்கரி போட்டோவிலயும் இதே கிழிசல்தான் மேடம். இசக்கிப்பாண்டி ஒட்டல."

"எந்தா மக்களே இது," என்றார் பகவதிப்பெருமாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம். மகளைக் கேட்பது போல் கேட்டார். அஜீஷ் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டான்.

ஷிஜா எழுந்து போய் அங்கே நின்ற மெஷினை ஓட்டச் சொன்னாள். யாரும் அசையாததால் தானே பொத்தானை அமுக்கினாள். வெறும் சட்டி சுற்றியது. கூண்டைத் தூக்கினாள். உடனே நின்றது. இறக்கினாள், ஓட்டினாள், தூக்கினாள். மறுபடியும் நின்றது.

"இசக்கிப்பாண்டியும் ஆசுபத்திரியில இதையேதான் சொன்னான்," என்றாள் திரும்பி வந்து. "எப்பவும் அணைச்சிட்டுத்தான் தூக்குவானாம். அன்னைக்கு மாவு ஒரு பக்கம் ஒட்டிக்கிச்சாம், அவசரத்துல அணைக்காம தூக்கின வேகத்துலயே கை உள்ள போயிட்டாம். தூக்கினா நிக்கும்னு படத்துல போட்டிருந்ததே மேடம், நம்பித்தானே கையை விட்டேன்னான். இந்தக் கேட்லாக்கைத்தான் பேக்கரிச் சுவர்ல ஒட்டி வச்சிருக்காங்க."

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். அது ஏறுவதற்கு இங்கே ஒரு பச்சை விளக்கு வேண்டியிருந்தது.

லிபி சொன்னதையெல்லாம் ஷிஜா எழுதி முடித்து, கோப்பில் சேர்த்து, கையெழுத்துக்காக நீட்டினாள். எதிர்ப்பக்கத்தில் இசக்கிப்பாண்டியின் வாக்குமூலம் இருந்தது. ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவன் என்று எழுதியிருந்தது. ஆனால் கீழே கையெழுத்து இல்லை. நீல மையில் ஒரு பெருவிரல் ரேகை. இடது கை என்று பக்கத்தில் குறித்திருந்தார்கள்.

அந்த ரேகையின் ஒரு ஓரம் மை ஊறிக் கலங்கியிருந்தது. பதினோரு வருடப் பழக்கத்தில் அவள் விரல் தானாக அதன் மேல் போயிற்று, துடைக்க. பாதியில் நிறுத்தி, பேனாவை வாங்கி, வலது கையால் தன் பெயரை முழுதாக எழுதினாள்.