சூடான விளிம்பு இடப்பக்கம் இருந்தது

செலக்ஷன் டெஸ்ட் என்று ஒன்று எங்கள் கல்லூரியில் உண்டு. பிப்ரவரியில் நடக்கும். அதில் தேறாதவர்களுக்கு ஏப்ரல் பல்கலைக்கழகத் தேர்வுக்கு ஹால் டிக்கெட் கிடையாது. கல்லூரியின் தேர்ச்சி விகிதம் குறையக்கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. யாரை உள்ளே விடலாம், யாரை வெளியே நிறுத்தலாம் என்று துறைத் தலைவர் முடிவு செய்வார்.

நான் பி.எஸ்ஸி. கணிதம் மூன்றாம் ஆண்டு. வகுப்பில் பெண்கள் இரண்டே பேர், நானும் காவேரியும். பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் தர்மபுரி வந்து படித்தேன். எனக்கு அடுத்தவன் தம்பி ஞானராஜ், அந்த ஜூனில் பி.யு.சி. சேர வேண்டியவன். அப்பா முதலிலேயே சொல்லிவிட்டார்: "ஒரு நேரத்துல ஒருத்தரத்தான் படிக்க வெக்க முடியும். நீ முடிச்சாத்தான் அவன் போவான். தவறிட்ட, ரெண்டு பேரும் வூட்லதான்." அவர் கோபத்தில் சொன்னதல்ல. ஒரு கிணறும் இரண்டு ஏக்கரும் உள்ளவர் வேறு எப்படிச் சொல்வார்? ஆகவே அந்த ஹால் டிக்கெட் எனக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை.

டெஸ்டுக்கான கேள்வித்தாளை அந்த வருடம் சேலத்தில் ஒரு கல்லூரிப் பேராசிரியரிடம் கேட்டு வாங்கினார்கள். திருத்தியது எங்கள் துறைத் தலைவர் குப்புராஜ் சார். ஏழாம் கேள்வி இதுதான்: x திசையில் இருபது சென்டிமீட்டர் நீளம், y திசையில் பத்து சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு செவ்வகத் தகடு. x = 0 என்ற விளிம்பு நூறு டிகிரியில் வைக்கப்பட்டிருக்கிறது. மற்ற மூன்று விளிம்புகளும் பூஜ்யம் டிகிரி. வெப்பம் மாறாத நிலைக்கு வந்தபின் தகட்டில் எங்கே எவ்வளவு வெப்பநிலை? நடுப்புள்ளியில் எவ்வளவு?

இந்தக் கணக்கைச் சார் எங்களுக்கு நடத்தியிருந்தார், நன்றாகவே நடத்தியிருந்தார். ஆனால் அவர் கரும்பலகையில் தகடு வரைந்தால் சூடான விளிம்பு எப்போதும் மேலேதான் இருக்கும். வருடா வருடம் மேலேதான். u என்பது x-ஐ மட்டும் சார்ந்த ஒன்றையும் y-ஐ மட்டும் சார்ந்த ஒன்றையும் பெருக்கியது என்று வைத்துக்கொண்டு, லாப்லாஸ் சமன்பாட்டில் போட்டுப் பிரிப்பார். இடப்பக்கம் x மட்டும், வலப்பக்கம் y மட்டும். இரண்டும் சமமாக இருக்க வேண்டுமென்றால் இரண்டும் ஒரே மாறிலியாகத்தான் இருக்க முடியும். அந்த மாறிலி பாசிட்டிவா, நெகட்டிவா, பூஜ்யமா என்று மூன்று கேஸ். அங்கே வந்ததும் சாக்பீஸால் பலகையைத் தட்டிச் சொல்வார்: "நெகட்டிவ் எடு. மத்த ரெண்டையும் அடி. x-க்கு சைன், y-க்கு ஹைப்பர்பாலிக் சைன். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் இதச் சொல்லணும்."

வகுப்பே அதைத் தூக்கத்திலும் சொல்லும்.

கேள்வியைப் பார்த்ததும் நான் தகட்டை வரைந்தேன். சூடு இடப்பக்கம் விழுந்தது. குளிர்ந்த விளிம்புகள் எதிரெதிராக நிற்பது மேலும் கீழும். இரண்டு முனையிலும் பூஜ்யமாகிற வேலையைச் சைன் மட்டுந்தான் செய்யும்; ஆகவே சைன் y-க்குப் போக வேண்டும். சூட்டிலிருந்து குளிருக்குப் போகிற திசை x. ஒரு முனையில் மட்டும் பூஜ்யமாகிற ஹைப்பர்பாலிக் சைன் அங்கே. அதாவது சார் அடிக்கச் சொன்ன பாசிட்டிவ் கேஸ்தான் இங்கே வேண்டியது. எழுதினேன். ஃபூரியர் தொடரில் நூறை விரித்துக் குணகங்களைக் கண்டேன். டேபிள் பார்த்து நடுப்புள்ளியைக் கணக்கிட்டேன். ஐந்தரை டிகிரி வந்தது. எழுதிய விடையை மறுபடி நான்கு விளிம்புகளிலும் போட்டுப் பார்த்தேன். இதற்கே நேரம் போய்விட்டது. மற்ற கேள்விகளில் ஒன்றைத் தொடவேயில்லை, ஒன்றைப் பாதியில் விட்டேன்.

விடைத்தாள் வந்தது. தேற முப்பத்தைந்து வேண்டும். எனக்கு இருபத்தெட்டு. இருபது மார்க் ஏழாம் கேள்வியில் ஒரு பெரிய பூஜ்யம், பக்கத்தில் சிவப்பு மையில்: "தவறான கேஸ்."

காவேரியின் தாளைப் பிடுங்கிப் பார்த்தேன். அவளுக்கு இருபதுக்கு இருபது. நடுப்புள்ளி நாற்பத்து நாலரை டிகிரி. மாதையனுக்கும் அதுவே. வகுப்பு முழுக்க நாற்பத்து நாலரை.

மாதையன் பெஞ்சுக்கு மேலே எட்டிப் பார்த்தான். "என்ன ராஜமேரி, நாங்கல்லாம் வெயில்ல காயறோம், நீ மட்டும் வத்தல்மலை மேல ஏறி உக்காந்துட்ட?"

"கேள்விய வாசிச்சியாடா நீ?"

"தகடுன்னு பாத்தேன், எழுதிட்டேன். அதுக்கு மேல எதுக்கு வாசிக்கணும்?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. தப்பாக எழுதித் தோற்றிருந்தால் அழுதிருப்பேன். இது அழுகிற விஷயமாகத் தெரியவில்லை.

ஆசிரியர் அறைக்குப் போனேன். காவேரி வாசலோடு நின்றுகொண்டாள்.

"சார், ஏழாவது கேள்வி..."

"தெரியும்மா. கேஸ மாத்திட்ட. எத்தன தடவ சொல்லியிருக்கேன்?"

"சூடு x பூஜ்யத்துல இருக்குதுங்க சார். நெகட்டிவ் எடுத்தா x-க்கு சைன் வருது. x பூஜ்யம்னு போட்டா சைன் பூஜ்யம். நூறு டிகிரி இருக்க வேண்டிய எடத்துல பூஜ்யம் வருதுங்க."

அவர் கேள்வித்தாளை எடுத்துப் பார்த்தார். அப்போதுதான் முதல் முறையாகப் பார்க்கிறார் என்று முகம் சொன்னது. ஆனால் சமாளித்துக்கொண்டார்.

"அதனால என்ன? தகட்டத் திருப்பி வெச்சுக்கோ. x-ன்னா என்ன, y-ன்னா என்ன, பேருதான?"

"அப்பிடின்னா நான் எழுதுனதும் திருப்பி வெச்சதுதானுங்களே. எனக்கு மட்டும் ஏன் சார் பூஜ்யம்?"

"எதிர்த்துப் பேசாத."

"திருப்புனா நீளமும் அகலமும் மாறணுங்க சார். வகுப்புல யாரும் மாத்தல. கேள்வில பத்து சென்டிமீட்டர் பக்கந்தான் சுடுது. இவங்க எழுதுனதுல இருபது சென்டிமீட்டர் பக்கம் சுடுது. அதனாலதான் நடுவுல நாப்பத்தி நாலரை வருது. இது வேற தகடுங்க."

அவர் கேள்வித்தாளை மடித்து வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். அந்தக் குரல்தான் என்னை இன்னும் அதிகமாகக் கோபப்படுத்தியது.

"சரி, நீ சொல்றதே சரின்னு வெச்சுக்குவோம். உனக்கு இருபது போட்டா, வகுப்புல மத்த எல்லாருக்கும் பூஜ்யம் போடணும். பாதிப் பேரு வெளிய நிப்பான். அதுல வாசல்ல நிக்குற உன் சிநேகிதியும் ஒருத்தி. உனக்கு அது சம்மதமா?"

காவேரி என்னைப் பார்த்தாள்.

"அவங்க மார்க்கக் கொறைக்கச் சொல்லலீங்க சார். என்னோடதக் குடுங்க."

"ஒரு கேள்விக்கு ரெண்டு விடையும் சரின்னு எப்பிடிப் போடுறது? வேணும்னா கருணை மார்க் ஏழு போடறேன். 'நான் சரியாகப் படிக்கவில்லை, மன்னித்து அனுமதிக்கவும்'னு பிரின்சிபாலுக்கு ரெண்டு வரி எழுதிக் குடு. முடிஞ்சுது."

தப்புச் செய்தவர்கள் முழு மார்க் வாங்குவார்கள். சரியாகச் செய்தவள் மன்னிப்புக் கேட்டுப் பிச்சை வாங்க வேண்டும். இதைச் சொல்லும்போது அவர் உண்மையாகவே எனக்கு நல்லது செய்வதாக நினைத்தார்.

வெளியே வந்ததும் காவேரி என் கையைப் பிடித்தாள். "ரெண்டு வரிதானடி. எழுதிக் குடுத்துட்டுப் போயேன். ஞானராஜ நெனச்சுப் பாரு."

"அவன நெனச்சுத்தான் எழுத மாட்டேன். இன்னைக்கி நான் தப்புன்னு எழுதிக் குடுத்தா, நாளைக்கி அதையே காட்டி வெளிய நிறுத்துவாரு."

நேராகப் பிரின்சிபால் அறைக்குப் போனேன். அவர் தாவரவியல்காரர். கணக்கு என்றாலே கையெடுத்துக் கும்பிடுவார். என்னை உட்கார வைத்து நடந்ததைக் கேட்டுவிட்டு, குப்புராஜ் சாரை வரச்சொன்னார்.

"எனக்கு இந்த சைன் கொசைன் எல்லாம் தெரியாது," என்றார். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இந்தப் பொண்ணு அஞ்சரைங்குது. மத்தவங்க நாப்பத்தி நாலரைங்கறாங்க. ஒரே தகடு. நடுவுல கைய வெச்சா குளிருமா, சுடுமா?"

குப்புராஜ் சார், "அது கேஸப் பொறுத்தது சார்," என்றார்.

"கேஸு காகிதத்துல இருக்கு. தகடு அதப் பாத்துத்தான் சூடாகுதா?"

நான் என் தாளையும் காவேரியின் தாளையும் மேஜைமேல் வைத்தேன். "x பூஜ்யம்னு போட்டுப் பாக்கச் சொல்லுங்க சார். கேள்வில நூறுன்னு போட்டிருக்கு. எதுல நூறு வருதோ அது சரி."

குப்புராஜ் சார் பேனாவை எடுத்தார். வகுப்பு எழுதியதில் போட்டார். ஒவ்வொரு உறுப்பும் பூஜ்யமாகி விழுந்தது. என்னுடையதில் போட்டார், ஹைப்பர்பாலிக் சைன்கள் மேலும் கீழும் அடிபட்டு நூறின் ஃபூரியர் தொடர் மிஞ்சியது. அதற்குக் கீழே அவர் ஒன்றும் எழுதவில்லை. பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

"நான் பாத்துக்கறேன் சார்," என்றார்.

மறுநாள் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள்: 'ஏழாம் கேள்வி பாடத்திட்டத்துக்கு வெளியே உள்ளதால், அதை எழுதிய அனைவருக்கும் முழு மதிப்பெண் வழங்கப்படுகிறது.'

பாடத்திட்டத்துக்கு வெளியேயாம்! தகடு பாடத்திட்டத்தில் இருக்கிறது, லாப்லாஸ் இருக்கிறது, பிரித்துத் தீர்ப்பது இருக்கிறது. சூடு மேலேயிருந்து இடப்பக்கம் நகர்ந்தால் மட்டும் அது வெளியே போய்விடுமா? தப்பு வகுப்பில் இல்லை, திருத்தியவரிடம் இல்லை, கேள்வியில்தான் என்று ஆக்கிவிட்டார்கள். சேலத்திலிருந்த அந்தப் பேராசிரியருக்கு இது தெரியவே போவதில்லை.

எனக்கு நாற்பத்தெட்டு. ஹால் டிக்கெட்டைக் குப்புராஜ் சாரே கொடுத்தார்.

"இப்ப சந்தோஷமா?"

"சார், ஏப்ரல்ல சூடு இடப்பக்கம் வந்தா இவங்க என்ன எழுதுவாங்க?"

"வராதும்மா. இத்தன வருஷத்துல வந்ததே இல்ல."

கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். அப்பாவிடம் தேறிவிட்டேன் என்று சொல்லலாம், ஞானராஜ் ஜூனில் சேரலாம். அந்த நிம்மதி இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அறிவிப்பைத் தாண்டிப் போகும்போதெல்லாம் நின்று மறுபடி படித்தேன்.

வகுப்பில் சார் இன்னும் வரவில்லை. பலகையில் ஒரு செவ்வகம் வரைந்து, இடப்பக்கக் கோட்டின்மேல் நூறு என்று எழுதினேன்.

"எந்தக் கேஸும்மா, பாசிட்டிவா நெகட்டிவா?" என்றான் மாதையன், சாரின் குரலில்.

"கேஸக் கேக்காத. எந்த ரெண்டு பக்கம் எதிரெதிரா குளிருதுன்னு பாரு. சைன் அங்க போவும்."

அவன் சிரிக்கப் போனவன், வாயை மூடிக்கொண்டு படத்தைப் பார்த்தான். காவேரி நோட்டைத் திறந்தாள். "இரு இரு, மெதுவா சொல்லு," என்றாள்.

சூட்டை வலப்பக்கம் மாற்றினேன். பிறகு கீழே. குப்புராஜ் சார் உள்ளே வந்து பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டஸ்டரை எடுத்தார்.

"இன்னும் ஒரு பக்கம் பாக்கி இருக்குதுங்க சார்," என்றேன், நகராமல்.