பதினான்காவது ஷரத்து

தொழிலதிபர்கள் பிறக்கிறார்கள்; யாரும் அவர்களை உண்டாக்குவதில்லை. ஸ்ரீபெரும்புதூர் கோதண்டராமன் அப்படிப் பிறந்தவர்தான். வயிற்றுப்பாட்டுக்காக ஓர் அரசாங்க ஆபீசில் ஹெட்கிளார்க்காக இருந்தார்.

அரசாங்க ஊழியர் வியாபாரம் செய்யக்கூடாது. அதனால் ஒரகடம் சாலை லேத் பட்டறைக்கு அவர் மனைவி லீலாவும் மெக்கானிக் யாக்கோபும் பங்குதாரர்கள். லாபத்தில் லீலாவுக்கு அறுபது, வேலை செய்கிற யாக்கோபுக்கு நாற்பது. நான்கு நாள் லீவு போட்டு உட்கார்ந்து, பத்திரத்தை வரிவரியாகச் சொல்லி எழுதவைத்தவர் கோதண்டராமன்.

1990 டிசம்பரில் யாக்கோபு விலகல் நோட்டீஸை ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினார். மூன்று மாதம் கழிந்து, ஏப்ரலில் மூவரும் ஆடிட்டர் நரசிம்மன் முன் உட்கார்ந்திருந்தார்கள்.

"வேலை குடுக்க வர்ற பார்ட்டிங்க எதிர்லயே இவரு 'யாக்கோபு, டீ வாங்கினு வா'ன்றாரு சார். நானும் பங்குதாரன்தானே?" என்றார் யாக்கோபு.

"சம்மதம் கிடையாது!" கோதண்டராமன் மேசையைத் தட்டினார். "ஒன்பதாவது ஷரத்து. இன்னொரு பங்குதாரர் எழுதிக் குடுக்காம மூலதனத்தை எடுக்க முடியாது."

"அது கூட்டுல இருந்துக்கிட்டே எடுக்கிறவருக்கு சார்," என்றார் ஆடிட்டர். "விலகறவருக்குப் பதினாலு. மூணு மாச நோட்டீஸ் போதும், சம்மதம் வேணாம். விலகற தேதி வரைக்கும் லாபப் பங்கு சேர்த்து, அவர் மூலதனக் கணக்குல நிக்கிறதை முப்பது நாளுக்குள்ள ஒரே தவணையா குடுக்கணும். இல்லன்னா சொத்தை வித்துப் பைசல் பண்ணணும்."

"ஒரே தவணையா? எந்த மடையன் போட்டது?"

யாக்கோபு தலையைக் குனிந்துகொண்டார். "நீங்கதான் சார். லீலாம்மா வெலகினா நான் துட்டு குடுக்காம இழுத்தடிப்பேன்னு சொன்னீங்க."

யாக்கோபு சாப்பாட்டுக்கு மட்டும் எடுத்து மீதியை விட்டுவைத்திருந்தார். அவர் கணக்கில் நாற்பத்தோராயிரம். லீலா கணக்கில் தொள்ளாயிரம்.

"என் அறுபது பங்கு இன்னாங்க ஆச்சு?" என்றாள் லீலா.

ஆடிட்டர் பேரேட்டைத் திருப்பினார். "நீங்க எடுத்ததா எழுதியிருக்கும்மா. ஸ்கூட்டர். ஆபீஸ் சங்க ஆண்டு விழா நன்கொடை. சபாரி சூட்டு மூணு."

"நான் எங்கய்யா சபாரி போட்டேன்?"

கோதண்டராமன் மின்விசிறியைப் பார்த்தார். அது ஓடவில்லை.

"லேத்து ரெண்டும் கணக்குல இன்னா வெல?" என்று கேட்டாள்.

"நாப்பத்தோராயிரம்."

"யாக்கோபு அண்ணனே எடுத்துக்கட்டும். பேங்க்ல இருக்கிற தொள்ளாயிரத்தை எனக்குக் குடுங்க."

"லீலா, வூட்ல போய் யோசிச்சு..."

"நீங்க சும்மா இருங்க. பங்குதாரருங்க பேசிக்கினு இருக்கோம்."

யாக்கோபு கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரும் பார்க்கக்கூடாது என்று செய்தார், எல்லோரும் பார்த்தார்கள்.

பைசல் பத்திரம் எழுதப்பட்டது. லீலாவும் யாக்கோபும் கையெழுத்திட்டார்கள். கோதண்டராமன் பேனாவைத் திறந்துகொண்டு குனிந்தார். காகிதத்தில் அவர் பெயர் எங்கும் இல்லை. சாட்சிக்கு ஓர் ஆள் குறைந்தது. அந்த இடத்தில் போட்டார்.