நாலு சதவீதம்

சரவணம்பட்டியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியின் ஏழாவது மாடி, நேர்முகத் தேர்வு அறை. கதிரேசன் வேலை இழந்து எட்டு மாதமாகிறது. இதையும் விட்டால் வேறு அழைப்பு இல்லை. எதிரே அந்தக் கம்பெனிக்கு ஆள் எடுக்கும் பிரவீனா அவனுடைய ரெஸ்யூமை ஒருமுறை படித்தாள், பிறகு ஏனோ இன்னொருமுறை படித்தாள்.

"சார், தப்பா நினைக்காதீங்க. இந்த பம்ப் கம்பெனிக்கு ஈஆர்பி சாஃப்ட்வேர் போட்டுக்குடுத்த புராஜெக்ட் வரி அப்படியே இன்னொரு ரெஸ்யூம்லயும் இருக்குதுங்க. 'மூன்று ஊர் டீம்களை ஒருங்கிணைத்து, குறித்த நாளில், பட்ஜெட்டுக்கு நாலு சதவீதம் குறைவாக.' அவரைப் போன வாரந்தான் இங்க வேலைக்கு எடுத்தோம். தீபக்."

தீபக் பழைய கம்பெனியில் கதிரேசனின் டீமில் டெஸ்டராக இருந்தவன். ஆட்குறைப்பு நடந்த அன்று, "ரெஸ்யூம் ஃபார்மட் வேணுங்ண்ணா" என்று கேட்டான். கதிரேசன் தன்னுடையதையே அனுப்பி வைத்தான். மாற்றிக்கொள்ளச் சொல்ல மறந்துபோனான்.

"அந்த புராஜெக்ட் மேனேஜர் நான்தானுங்க."

"அப்போ சொல்லுங்க, எப்படி குறித்த நாள்ல முடிச்சீங்க?"

தன்னுடையதுதான் என்று காட்ட வேறு வழியில்லை. கதிரேசன் சொன்னான். முதலில் ஜனவரியில் முடிப்பதாகத் திட்டம். பம்ப் கம்பெனிக்காரர்கள் ஊழியர் விவரங்களை நேரத்துக்குத் தரவில்லை. திட்டத்தை மாற்றக் கேட்டு சேஞ்ச் ரிக்வெஸ்ட் போட்டு, சாஃப்ட்வேரின் சம்பளப் பகுதியை அடுத்த கட்டத்துக்குத் தள்ளி, தேதியை ஏப்ரலுக்கு மாற்றிக் கையெழுத்து வாங்கினான். அந்த ஏப்ரல் தேதிக்கு ஒருநாள்கூடப் பிந்தவில்லை. சொல்லச் சொல்ல அவன் குரலில் பழைய மேனேஜர் எழுந்து உட்கார்ந்தான்.

"சம்பளப் பகுதிக்கு வெச்ச பணத்தைப் பட்ஜெட்ல கழிச்சீங்களா?"

ஜன்னலுக்கு வெளியே மருதமலை வெயிலில் கரைந்துகொண்டிருந்தது.

"இல்லீங்க."

"கழிச்சிருந்தா?"

"செலவு பட்ஜெட்டை விடக் கூடத்தான் ஆயிருக்கும்."

பிரவீனா பேனாவை மூடினாள். "நீங்கதான் செஞ்சதுன்னு தெரியுதுங்க சார்," என்றாள். உண்மையான மரியாதை அது. "ஆனா ரெண்டு பேர்த்துக்கும் ஒரே வரி. ஒருத்தரு செய்யாததை எழுதிட்டாரு, இன்னொருத்தரு செஞ்சதை முழுசா எழுதலை. இதை நான் எப்படிங்க மேல கொண்டுபோறது?"

"தீபக் வேலைக்கு ஏதாச்சும்..."

"அதை நாங்க பார்த்துக்கிறோம்."

லிஃப்ட் வாசலில் தீபக், கழுத்தில் புது ஐடி கார்டோடு.

"அண்ணா! ஏனுங்ண்ணா, இங்கயா? கிடைச்சிருச்சுங்களா? உங்க ரெஸ்யூம்தான் என்னையக் காப்பாத்துச்சு. அப்படியே போட்டுட்டேன் போங்க, ஒரு எழுத்து மாத்தலை!"

தீபக் சிரித்தான். அவனை விசாரிக்க உள்ளே கூப்பிடப்போகிறார்கள் என்பது இன்னும் அவனுக்குத் தெரியாது. சொல்லலாம் என்று கதிரேசன் வாயெடுத்தான். லிஃப்ட் திறந்தது.

"பார்க்கலாம் கண்ணு," என்றான்.

கதவு மூடியபோது கைப்பேசி அதிர்ந்தது. மனைவி கிருபா: 'என்ன சொன்னாங்க?' ஆறு, ஐந்து, நாலு என்று எண்கள் இறங்கின. பதில் அடிக்கத் தொடங்கினான். தரைத்தளம் வந்ததும் அடித்ததை அழித்துவிட்டு, கிருபாவையே அழைத்தான்.